பெல்ட் மோட்டார் போய் நீர்மூழ்கி வந்தப்போ ஸ்டார்ட்டர் என்ன ஆச்சு

"அண்ணே, நீங்க மோட்டார் போட்டா எம்மோட்டார் நின்னுடுது." எங்க சின்னசேலம் பக்கம் ஒரே டிரான்ஸ்பார்மர்ல இருக்கற பக்கத்து காட்டுக்காரங்க ரெண்டு பேருக்குள்ள இந்தப் பேச்சு வராத வருஷம் இல்ல. காரணத்தைத் தேடினா கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டியிருக்கு.

கிணத்துல தண்ணி கைக்கெட்டும் ஆழத்துல இருந்த காலத்துல மோட்டார் தனி, பம்பு தனி. நடுவுல பெல்ட். ஸ்டார்ட்டர்னா சுவத்துல மாட்டின ஆயில் ஸ்டார்ட்டர். கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளி, மோட்டார் சத்தம் ஏறி நிலைக்கும் வரை காத்திருந்து, அப்புறம் அடுத்த பக்கம் சட்டுனு இழுப்பாங்க. முதல் நிலை ஸ்டார், ரெண்டாவது டெல்டா. எப்ப மாத்தணும்னு காதுதான் சொல்லும்.

இந்த வித்தை எதுக்கு? மோட்டாரை நேரா லைன்ல போட்டா, ஓடும்போது எடுக்கற ஆம்ப்ஸைப் போல ஆறு மடங்கு முதல்ல இழுக்கும். 10 எச்பி மோட்டார் ஓடும்போது 16 ஆம்ப்ஸ்னா, கிளம்பும்போது கிட்டத்தட்ட 96. நம்ம 63 கேவிஏ டிரான்ஸ்பார்மரோட முழு பாரமே 84 ஆம்ப்ஸ்தான். ஸ்டாரில் போட்டா 415 வோல்ட்டுக்குப் பதிலா 240தான் ஒவ்வொரு சுருளுக்கும் கிடைக்கும், லைன்ல இழுப்பது மூணுல ஒரு பங்கா, 32 ஆம்ப்ஸுக்கு இறங்கிடும். திருப்பு விசையும் மூணுல ஒரு பங்காயிடும். பெல்ட் மோட்டாருக்கு அது போதுமா இருந்தது. பெரிய புல்லி இருந்ததால மாத்தற நேரத்துல வேகம் குறையாது.

மின் வாரியம் 1957-ல் வந்தது, லைனும் மெதுவா கிராமம் கிராமமா நீண்டது. 1990-ல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமான பிறகு மோட்டாரும் கூடிச்சு, நிலத்தடி நீரும் இறங்கிச்சு. கிணத்தை விட்டு போர்வெல்லுக்குப் போனோம், நீர்மூழ்கி மோட்டார் வந்துச்சு. ஸ்டார்ட்டர் மட்டும் அதே ஸ்டார் டெல்டா, கைப்பிடிக்குப் பதிலா டைமரும் காண்டாக்டரும். இங்கதான் சிக்கல்.

நீர்மூழ்கி மோட்டாரோட ரோட்டார் குழாய் மாதிரி ஒல்லி, புல்லி கிடையாது. ஸ்டாரில் இருந்து டெல்டாவுக்கு காண்டாக்டர் மாறும் கண்சிமிட்டுற நேரம் மின்சாரம் இல்ல. அந்த நேரத்துல தண்ணி பிரேக் போட்ட மாதிரி வேகத்தைக் கவ்விடும். டெல்டா ஏறும்போது ஏறக்குறைய நேரா போட்ட இழுப்புதான் வரும். அதாவது ஸ்டாரில் மிச்சம் பிடிச்ச பலனை மாத்தற நேரத்துல திருப்பிக் கொடுத்துடறோம்.

நான் பார்த்த ஒரு மோட்டார் டிரான்ஸ்பார்மர்ல இருந்து 800 மீட்டர் தள்ளி. பேனல்ல 400 வோல்ட் இருக்கும்போது போட்டா ஸ்டாரில் 370, மாத்தும்போது 320 பக்கம் முள்ளு ஆடிச்சு. பாதிக்கு மேல குறையறது டிரான்ஸ்பார்மரால இல்ல, அந்த நீண்ட கம்பியால. சாயங்காலம் எல்லாரும் தண்ணி கட்டும்போது லைனே 340க்கு இறங்கியிருக்கும். அதுல அதே இழுப்பு வந்தா பக்கத்து காட்டு காண்டாக்டர் தட்டுனு விட்டுடும்.

340ல இன்னொரு கேடும் உண்டு. திருப்பு விசை வோல்ட்டேஜோட இருமடிப் பெருக்கமா குறையும். முழு வோல்ட்ல நேரா போட்டா கிடைக்கற விசையில ஐந்துல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேலதான் ஸ்டாரில் மிஞ்சும். மோட்டார் பாதி வேகத்துல முனகிட்டு நிக்கும். ஆம்மீட்டர் முள் இறங்காம அப்படியே நின்னா டைமரைக் கூட்டி பிரயோஜனம் இல்ல, சுருள்தான் சூடாகும்.

இப்ப சாஃப்ட் ஸ்டார்ட்டர். தைரிஸ்டர் வெச்சு வோல்ட்டேஜைப் படிப்படியா ஏத்தும், நடுவுல அறுபடாது. இதைச் சரியா செட் பண்ணினாலும் மூணு மடங்கு, 48 ஆம்ப்ஸ் இழுக்கும். ஸ்டார் கட்டத்தைவிட அதிகம்தான். ஆனா அதே பேனல்ல முள் 350க்குக் கீழ வரல, குதிப்பும் இல்ல. குழாயில் தண்ணி அடி விழும் சத்தமும் போச்சு. ஆறு கம்பிக்குப் பதிலா மூணு கம்பி போதும்.

ஆனா ஏறும் நேரத்தை மூணு வினாடிக்கு மேல வைக்கக்கூடாது. அடியில் பாரம் தாங்கும் பேரிங் தண்ணியிலேயே வழுக்குது, மெதுவா சுத்தினா படலம் உண்டாகாம தேயும். எங்க எலக்ட்ரீசியன் ஒருத்தர் பதமா ஏறட்டும்னு பத்து வினாடி வெச்சிட்டார். ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு. லைன் 340க்குக் கீழ இருந்தா இதுவும் அற்புதம் செய்யாது, இல்லாத விசையை யாரும் கொண்டாந்து தர முடியாது.

இன்னொண்ணு, மும்முனை வர்ற நேரத்துல எல்லா ஆட்டோ ஸ்டார்ட்டரும் ஒரே நொடியில் போடுதே, அதுக்கு எந்த ஸ்டார்ட்டரும் மருந்தில்ல. நாங்க நாலு பேர் ஆட்டோவோட தாமதத்தை 30, 60, 90, 120 வினாடின்னு பிரிச்சு வெச்சோம். அதுக்குப் பிறகு அந்த நேரத்துல காண்டாக்டர் விழல.