ரொக்க ஈவுத்தொகை, போனஸ் பங்கு, பங்குப் பிரிப்பு

நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குச் செய்யும் மூன்று செயல்கள். ரொக்க ஈவுத்தொகையில் லாபத்தின் ஒரு பகுதி பணமாக வெளியே போகிறது. போனஸ் பங்கில் பணம் எதுவும் போகாது. காப்பு நிதியிலிருந்த தொகை பங்கு மூலதனக் கணக்குக்கு மாற்றப்பட்டு, அதற்கு ஈடாகப் புதிய பங்குகள் விலையின்றிக் கொடுக்கப்படுகின்றன. பங்குப் பிரிப்பில் கணக்குகள் எவையும் மாறுவதில்லை. ஒரு பங்கின் முகமதிப்பு குறைந்து, அதே விகிதத்தில் பங்குகளின் எண்ணிக்கை கூடுகிறது. பின்னிரண்டும் சந்தையில் ஒன்று போலவே தோன்றுவதால், நூறாண்டுகளாக நீதிமன்றங்களும் கணக்காளர்களும் அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பாடுபட்டிருக்கிறார்கள்.

1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி எட்டு ஆண்டுகள் பங்குதாரர்களுக்கு எதுவும் தரவில்லை. 1610இல் முதல் ஈவு வந்தபோது அதில் பெரும்பகுதி ரொக்கமாக இல்லை. ஜாதிபத்திரியாகவும் மிளகாகவும் வந்தது. சரக்காகக் கொடுத்தாலும் கணக்கின் பார்வையில் அது ரொக்க ஈவுக்குச் சமம்: கிடங்கிலிருந்த சொத்து வெளியேறியது, கம்பெனி அந்த அளவுக்கு மெலிந்தது. லண்டனில் இருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1682இல் வேறு வழியைக் கையாண்டது. லாபத்திலிருந்து ஒவ்வொரு பங்குதாரரின் மூலதனத்தோடும் 100 விழுக்காடு சேர்த்தது. சுமார் 3.7 லட்சம் பவுனாக இருந்த மூலதனம் சுமார் 7.4 லட்சம் பவுனாக ஏட்டில் ஏறியது. போனஸ் பங்கின் தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் இது ஒன்று.

மூன்றின் விளைவையும் ஒரே நிறுவனத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ₹10 முகமதிப்புள்ள 10 லட்சம் பங்குகள் கொண்ட ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பங்கு மூலதனம் ₹1 கோடி. முகமதிப்புக்கு மேல் விலைவைத்துப் பங்கு விற்றதில் வந்த தொகை, பங்குப் பிரீமியம் கணக்கில் ₹2 கோடி இருக்கிறது. பகிராமல் சேர்த்துவைத்த லாபம் ₹5 கோடி. ஆக, பங்குதாரர் நிதி ₹8 கோடி. ஒரு பங்கின் புத்தக மதிப்பு ₹80.

பங்குக்கு ₹10 ரொக்க ஈவு அறிவித்தால், பகிரா லாபக் கணக்கில் ₹1 கோடி பற்று எழுதி, செலுத்தவேண்டிய ஈவுத்தொகை என்ற பொறுப்புக் கணக்கில் வரவு வைக்கிறார்கள். பங்குதாரர் நிதி ₹7 கோடியாகக் குறைவது அந்த நொடியில்தான். சில நாள் கழித்துப் பணம் பட்டுவாடா ஆகும்போது பொறுப்பும் வங்கி இருப்பும் சேர்ந்து குறைகின்றன. பங்குதாரர் நிதி இரண்டாம் முறை தொடப்படுவதில்லை. பங்குகளின் எண்ணிக்கை மாறாமல் 10 லட்சமாகவே நிற்க, புத்தக மதிப்பு ₹70 ஆகிறது.

ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால் பதிவு இப்படி இருக்கும்: பங்குப் பிரீமியம் கணக்கில் ₹1 கோடி பற்று, பங்கு மூலதனத்தில் ₹1 கோடி வரவு. பங்குகள் 20 லட்சம். முகமதிப்பு அதே ₹10. மூலதனம் ₹2 கோடி. பங்குதாரர் நிதியின் மொத்தம் அசையாமல் ₹8 கோடி. ₹10 பங்கை இரண்டு ₹5 பங்குகளாகப் பிரித்தாலும் எண்ணிக்கை 20 லட்சம்தான், மொத்தம் ₹8 கோடிதான், புத்தக மதிப்பும் இரண்டிலும் ₹40தான். ஆனால் பிரிப்பில் மூலதனம் ₹1 கோடியாகவே இருக்கிறது. நாளேட்டில் தொகைப் பதிவே கிடையாது. முகமதிப்பையும் எண்ணிக்கையையும் திருத்தி ஒரு குறிப்பு எழுதினால் போதும்.

பங்குதாரர் கையில் எதுவும் மாறவில்லையென்றால் போனஸ் பங்கு வருமானமா? இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் 1916 ஜனவரியில் 50 விழுக்காடு போனஸ் அறிவித்தது. அதன் மூலதனம் அப்போது சுமார் 5 கோடி டாலர். உபரி சுமார் 4.5 கோடி டாலர். உபரியிலிருந்து சுமார் 2.5 கோடி டாலரை மூலதனத்துக்கு மாற்றினார்கள். மர்ட்டில் மெக்கோம்பர் என்ற பெண்மணியிடம் 2,200 பங்குகள் இருந்தன. புதிதாக 1,100 வந்தன. அவற்றில் 1913 மார்ச்சுக்குப் பின் ஈட்டிய லாபத்தைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்ட பகுதிக்கு, அதாவது 19,877 டாலருக்கு, வருமான வரி கேட்டார்கள். எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டே வரியைக் கட்டிவிட்டு வழக்குத் தொடுத்தார்.

1920 மார்ச் 8இல் வந்த ஐஸ்னர் எதிர் மெக்கோம்பர் தீர்ப்பு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்குச் சாதகமானது. நிறுவனத்தின் சொத்திலிருந்து எதுவும் பிரிந்து அவரிடம் வரவில்லை, அவருடைய விகிதாசார உரிமையும் கூடவில்லை, எனவே இது வருமானம் அன்று என்று நீதிபதி பிட்னி எழுதினார். மாறுபட்ட கருத்து எழுதிய பிராண்டைஸின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியது அன்று. ஒரு நிறுவனம் ரொக்க ஈவு கொடுத்து, அதே நாளில் அதே தொகைக்குப் புதிய பங்கு வாங்கும் உரிமையையும் கொடுத்தால், முடிவில் கணக்கேடு போனஸ் கொடுத்ததைப் போலவே இருக்கும். ஒன்றுக்கு வரி உண்டு, மற்றொன்றுக்கு இல்லை என்பது எப்படி என்று கேட்டார். பங்குதாரர்கள் எல்லாரும் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போடுவார்கள் என்பதுதான் அந்த வாதத்தில் பொதிந்திருக்கும் நிபந்தனை.

அடுத்த சிக்கலைக் கணக்காளர்கள் கிளப்பினார்கள். 5 அல்லது 10 விழுக்காடு போன்ற சிறிய போனஸ் வரும்போது சந்தை விலை பெரிதாக இறங்குவதாகத் தெரிவதில்லை. பெறுபவர் அதை லாபப் பங்காகவே நினைத்துக்கொள்கிறார். முகமதிப்பு அளவுக்கு மட்டும் லாபத்தைக் குறைத்தால், நிறுவனம் ஆண்டுதோறும் பெருந்தொகை பகிர்வதுபோலக் காட்டிக்கொண்டே ஏட்டில் லாபத்தை அப்படியே வைத்திருக்கலாம். இதைத் தடுக்க அமெரிக்கக் கணக்காளர் அமைப்பு 1941இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1950களின் தொடக்கத்தில் அது திருத்தப்பட்டது. ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காட்டுக்குக் குறைந்த போனஸுக்குச் சந்தை மதிப்பையே மாற்ற வேண்டும். அதற்கு மேற்பட்டது, கொடுக்கும் வடிவம் எதுவாயினும், தன்மையில் பிரிப்பு என்பது விதி.

மேற்சொன்ன நிறுவனத்தின் பங்கு சந்தையில் ₹400க்கு விற்கிறது, அது பத்துக்கு ஒன்று போனஸ் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் விதியின் கனம் புரியும். புதிய பங்குகள் 1 லட்சம். அமெரிக்க முறையில் ₹4 கோடி பகிரா லாபத்திலிருந்து வெளியேற வேண்டும்: ₹10 லட்சம் மூலதனத்துக்கு, ₹3.9 கோடி பிரீமியத்துக்கு. ₹5 கோடி லாபம் ₹1 கோடியாகச் சுருங்கிவிடும். இந்திய முறையில் மாறுவது ₹10 லட்சம் மட்டுமே. பங்குதாரர் நிதியின் மொத்தம் இரண்டிலும் ₹8 கோடிதான். பெறுபவரின் மயக்கத்தை வைத்துக் கொடுப்பவரின் ஏட்டை எழுதச் சொல்லும் அமெரிக்க விதி தர்க்கத்தில் பலவீனமானது. ஆனாலும் அது இன்னும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. இந்திய மாணவர்கள் அமெரிக்க நூலைப் படித்துக் குழம்பும் இடமும் இதுவே.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 63ஆம் பிரிவு போனஸுக்கு உரியது. கட்டற்ற காப்பு நிதி, பங்குப் பிரீமியம் கணக்கு, மூலதன மீட்புக் காப்பு ஆகிய மூன்றிலிருந்து கொடுக்கலாம். சொத்தை மறுமதிப்பீடு செய்ததில் வந்த காப்பிலிருந்து கொடுக்கக் கூடாது. ஈவுத்தொகைக்குப் பதிலாகப் போனஸ் கொடுப்பதற்கும் தடை உண்டு. பங்குப் பிரீமியத்தை ரொக்க ஈவாகப் பகிர முடியாது, போனஸாக மாற்றலாம் என்பதால் நிதி மேலாளர்கள் முதலில் கைவைப்பது அந்தக் கணக்கில்தான். மாறாக, பகிரா லாபத்திலிருந்து போனஸ் கொடுத்தால் நாளை ரொக்கமாகப் பகிரக்கூடிய தொகை மூலதனத்துக்குள் பூட்டப்படுகிறது. அதைத் திரும்ப எடுக்க மூலதனக் குறைப்பு நடைமுறை தேவை. கடன் கொடுத்தவர்களுக்கு இது நல்ல செய்தி. பிரிப்பு 61ஆம் பிரிவின் கீழ் வருகிறது. முகமதிப்பு மாறுவதால் பங்குக்குப் புதிய ஐஎஸ்ஐஎன் எண் வாங்க வேண்டும்.

பஜாஜ் ஃபைனான்ஸ் நிறுவனம் இரண்டையும் சேர்த்தே இருமுறை செய்திருக்கிறது. 2016 செப்டம்பரில் ₹10 பங்கு ஐந்து ₹2 பங்குகளானது. பின் ஒவ்வொன்றுக்கும் ஒரு போனஸ். ஒரு பங்கு பத்தானது. அதன் முகமதிப்புத் தொகை ₹10இலிருந்து ₹20 ஆனது, அதாவது மூலதனம் இரட்டித்தது. 2025 ஜூனில் ₹2 பங்கு இரண்டு ₹1 பங்குகளானது. பின் ஒவ்வொன்றுக்கும் நான்கு போனஸ். மறுபடி ஒன்று பத்தானது, ஆனால் இம்முறை ₹2 மூலதனம் ₹10 ஆகி ஐந்து மடங்கானது. இருமுறையும் விலை பத்தில் ஒன்றானது. சில செயலிகளில் ஒரே நாளில் 90 விழுக்காடு சரிந்ததுபோலக் காட்டி முதலீட்டாளர்களைப் பதறவைத்தது. பங்கின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இரு நிகழ்வும் ஒன்றே. இருப்புநிலைக் குறிப்பில் பங்கு மூலதனம் என்ற வரியைப் பார்ப்பவருக்கு அல்ல.

சென்னையின் எம்.ஆர்.எஃப். இதற்கு நேரெதிர். பங்கைப் பிரித்ததே இல்லை. ₹10 முகமதிப்புள்ள சுமார் 42.4 லட்சம் பங்குகளோடு நிற்கிறது. 2023 ஜூனில் ஒரு பங்கு ₹1 லட்சத்தைத் தாண்டியது. 2023–24க்கு அது பங்குக்கு ₹200 ஈவு கொடுத்தது. ஈவை முகமதிப்பின் விழுக்காடாகச் சொல்லும் இந்திய வழக்கப்படி இது 2000 விழுக்காடு. விலையோடு ஒப்பிட்டால் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது.

இதே வழக்கம் போனஸுக்கும் பிரிப்புக்கும் உள்ள வேறுபாட்டை வெளியே காட்டுகிறது. நம் எடுத்துக்காட்டு நிறுவனம் அடுத்த ஆண்டும் 100 விழுக்காடு என்று அறிவித்தால், பிரித்திருந்தால் பங்குக்கு ₹5 வீதம் முன்போல ₹1 கோடி போகும்; போனஸ் கொடுத்திருந்தால் ₹10 வீதம் ₹2 கோடி போகும். பழைய விழுக்காட்டைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நிறுவனம் தன்னையறியாமல் இரட்டிப்பாகக் கொடுத்துவிட முடியும்.

ஒரு பங்குக்கான லாபத்தைக் கணக்கிடும்போது மட்டும் போனஸும் பிரிப்பும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இந்தியக் கணக்கியல் தரம் 33இன்படி, அறிக்கையில் காட்டும் முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கையையும் புதிய எண்ணிக்கைக்குத் திருத்த வேண்டும். பழைய ஆண்டறிக்கையில் ₹12 என்றிருந்த எண் புதிய அறிக்கையில் அதே ஆண்டுக்கு ₹6 என்று வருவது இதனால்தான். ரொக்க ஈவுக்கு இத்தகைய திருத்தம் இல்லை. வரியில் மறுபடி பிரிகின்றன: ரொக்க ஈவு 2020 ஏப்ரல் முதல் பெறுபவரின் வருமானமாக வரிக்குள்ளாகிறது, பிரிப்பில் பழைய வாங்கிய விலை புதிய பங்குகளுக்குப் பகிரப்படுகிறது, போனஸ் பங்கின் கொள்முதல் விலை சுழியம், வைத்திருந்த காலமும் ஒதுக்கிய நாளிலிருந்தே எண்ணப்படுகிறது.