இடமாற்றச் சேர்க்கை (அமெரிக்க இளநிலைப் படிப்பு)

இடமாற்றச் சேர்க்கை என்பது, ஒரு பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பைத் தொடங்கிய மாணவர் அங்கே பெற்ற கிரெடிட்டுகளுடன் இன்னொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டத்தை அங்கே முடிப்பதற்கான வழி. அமெரிக்காவில் இது ‘டிரான்ஸ்ஃபர்’ என்று வழங்கப்படுகிறது. முதலாண்டு முடிந்ததும் மாறுபவர் புதிய இடத்தில் இரண்டாமாண்டில் சேர்கிறார். இந்த வகை விண்ணப்பதாரரிடம் காட்டுவதற்குக் கல்லூரி மதிப்பெண் மிகக் குறைவாகவே இருக்கும். ஆகவே எந்தப் பழைய முடிவு எவ்வளவு எடை பெறும், மாறுவதற்குச் சொல்லும் காரணம் அந்த முடிவுகளோடு ஒத்துப்போகிறதா என்பவையே பெரும்பாலும் தீர்ப்பை நிர்ணயிக்கின்றன.

யார் மாறலாம்

இடமாற்றக் கொள்கை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபடும். கார்னெல் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோரை இவ்வழியில் சேர்க்கிறது. பிரின்ஸ்டன் 1990இல் நிறுத்திய இடமாற்றச் சேர்க்கையை 2018இல்தான் மீண்டும் தொடங்கியது, எடுப்பதும் சிலரையே. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் பொதுவாக 60 செமஸ்டர் கிரெடிட் முடித்து, மூன்றாமாண்டில் நுழைவோரையே சேர்க்கின்றன. அவர்களிலும் அம்மாநிலச் சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு முன்னுரிமை உண்டு. எனவே ஓராண்டு மட்டும் படித்தவருக்கு அங்கே கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. ஜார்ஜியா டெக் 30 கிரெடிட், அதாவது ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பை எதிர்பார்க்கிறது.

இந்த வேறுபாடுகளை அறிய எளிய இடம், பல பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தின் ‘டி’ பகுதி. எத்தனை இடமாற்ற விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, குறைந்தது எத்தனை கிரெடிட் வேண்டும், பள்ளி மதிப்பெண் பட்டியல் கட்டாயமா என்பன அதில் அட்டவணையாக இருக்கும். முதலாண்டுச் சேர்க்கையின் புள்ளிவிவரத்தை வைத்து இடமாற்ற வாய்ப்பைக் கணக்கிடுவது தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும். இரண்டுக்கும் இடங்கள் தனித்தனி.

எந்த முடிவுக்கு எவ்வளவு எடை

ஆகஸ்டில் முதலாண்டில் சேர்பவர் அடுத்த இலையுதிர்காலச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் பல இடங்களில் மார்ச் மாதத்தில் வருகிறது. அந்த நேரத்தில் அவர் கையில் இருப்பது ஒரே ஒரு செமஸ்டரின் மதிப்பெண்தான். ஐந்து பாடங்களின் மதிப்பெண்ணை வைத்து ஒருவரின் திறனை முழுதாக எடைபோட முடியாது என்பதால், தேர்வுக் குழு பள்ளிப் பதிவுக்குத் திரும்பிப் போகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், எடுத்த பாடங்களின் கடினம், கேட்கும் இடங்களில் எஸ்ஏடி மதிப்பெண் ஆகியவை ஓராண்டு விண்ணப்பதாரருக்குக் கணிசமாக எடை பெறுகின்றன. இரண்டாண்டு முடித்தவரிடம் நான்கு செமஸ்டர் பதிவு இருக்கும். அவருடைய பள்ளி மதிப்பெண் பின்னுக்குப் போய்விடும். பள்ளியில் சுமாராக இருந்து, கல்லூரியில் நன்றாகப் படிப்பவருக்கு ஓராண்டு காத்திருந்து மாறுவது பல சமயம் நல்லதாக அமைவது இதனால்தான்.

கல்லூரி மதிப்பெண்ணிலும் மொத்த சராசரியைவிட, எந்தப் பாடங்களில் அது வந்தது என்பதே முதலில் பார்க்கப்படும். பொறியியலுக்கு மாற விரும்புபவரின் நுண்கணிதத்தில் ‘சி’ இருந்தால், மற்ற பாடங்களில் வாங்கிய ‘ஏ’க்கள் அதை ஈடுகட்டுவதில்லை. அடுத்ததாகப் பார்க்கப்படுவது நடப்புச் செமஸ்டர். பல பல்கலைக்கழகங்கள் அதன் இடைக்கால மதிப்பெண்ணை ஒரு படிவத்தில் கேட்கின்றன. அதை ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் மாணவரே எழுதி வாங்கித் தர வேண்டும். இடம் கிடைத்துவிட்டது என்று இரண்டாம் செமஸ்டரில் அலட்சியமாக இருந்தவர்களின் சேர்க்கை, இறுதிப் பட்டியல் வந்ததும் ரத்தாவதும் உண்டு.

மதிப்பெண்ணுக்கு அப்பாற்பட்ட ஆவணம் ஒன்றும் உண்டு. இப்போது படிக்கும் இடத்தின் அதிகாரி நிரப்பும் ‘காலேஜ் ரிப்போர்ட்’ அது. மாணவர் நல்ல நிலையில் இருக்கிறாரா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா, அங்கேயே தொடர்ந்து படிக்கத் தகுதியுடையவரா என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கும். குறைந்த மதிப்பெண்ணால் எச்சரிக்கை நிலையில் இருப்பவருக்கு இந்தத் தாளே தடையாகிவிடும். முன்பு படித்த கல்லூரி எதையும் விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது. பின்னர் தெரியவந்தால், கொடுத்த சேர்க்கையையே திரும்பப் பெறுவார்கள்.

இந்தியக் கல்லூரியில் ஓராண்டு முடித்து நேரடியாக அமெரிக்காவுக்கு மாறுவோருக்குக் கூடுதலாக இரண்டு சிக்கல்கள் வரும். மதிப்பெண் பட்டியலை வழங்குவது இணைவிக்கும் பல்கலைக்கழகம் என்பதால், செமஸ்டர் முடிவு தாமதமானால் விண்ணப்பக் கடைசி நாள் கைநழுவும். அரியர் இருந்தால் அதுவும் பட்டியலில் தெரியும். பின்னர் எழுதித் தேறினாலும் முதல் முயற்சியின் தடம் அழியாது. சில பல்கலைக்கழகங்கள் வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனம் பாடவாரியாகத் தரும் அறிக்கையையும் கேட்கும்.

காரணம்

மாறுவதற்கான காரணத்தையும் புதிய இடத்தில் அடைய நினைப்பதையும் ஒரு கட்டுரையில் எழுதச் சொல்வது வழக்கம். தேர்வுக் குழு அதைத் தனியாகப் படிப்பதில்லை. டிரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிக்கிறது. ‘உயிரியலில் ஆர்வம்’ என்று எழுதிய மாணவர் ஓராண்டில் ஓர் உயிரியல் பாடம்கூட எடுக்கவில்லையென்றால், அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

எடுபடும் காரணங்களில் முதலாவது, விரும்பும் பாடத்துறையே இப்போதைய இடத்தில் இல்லாமலிருப்பது. அடுத்தது, துறை இருந்தும் மேல்நிலைப் பாடங்களோ ஆய்வகமோ இல்லாமலிருப்பது. குடும்பச் சூழல், உடல்நலம் போன்றவையும் ஏற்கப்படும். ஆனால் அவை ஏன் இந்தக் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டும் என்பதை விளக்குவதில்லை. அதைத் தனியே சொல்லியாக வேண்டும்.

எடுபடாதவற்றில் முதலிடம் தரவரிசைக்கு. பெரிய பெயர் வேண்டும் என்பது எல்லோருக்கும் பொருந்தும் காரணம். ஊர் பிடிக்கவில்லை, குளிர் தாங்கவில்லை, அறைத்தோழருடன் ஒத்துவரவில்லை என்பவை மனித இயல்புதான் என்றாலும், அவை புதிய இடத்திலும் தொடரலாம் என்ற ஐயத்தையே எழுப்பும். இப்போதைய கல்லூரியைக் குறைகூறும் கட்டுரை எழுதியவரைத்தான் குறைத்துக் காட்டும். கட்டணச் சுமை உண்மையான காரணம்தான். ஆனால் வெளிநாட்டு இடமாற்ற மாணவருக்கு உதவித்தொகை பல இடங்களில் மிகக் குறைவு அல்லது கிடையாது. செலவைக் குறைக்க மாற நினைப்பவர் விண்ணப்பிக்கும் முன்பே இதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

தூத்துக்குடியிலிருந்து அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயந்திரப் பொறியியல் சேர்ந்த ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். முதல் செமஸ்டரில் அவர் எடுத்தது 17 கிரெடிட்: நுண்கணிதம் (4) ஏ, இயற்பியல் (4) பி, வேதியியல் (4) பி பிளஸ், ஆங்கில எழுத்து (3) ஏ, பொறியியல் அறிமுகம் (2) ஏ. ‘ஏ’க்கு 4, ‘பி பிளஸ்’க்கு 3.3, ‘பி’க்கு 3 என்று கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டினால் 61.2 வரும். 17ஆல் வகுத்தால் ஜிபிஏ 3.6.

அவர் மாற விரும்புவது பொருளறிவியல் துறைக்கு. இப்போதைய இடத்தில் அந்தத் துறை இல்லை. முதல் வரைவில் அவர் எழுதியது, புதிய பல்கலைக்கழகம் உலக அளவில் பெயர்பெற்றது என்பதுதான். திருத்திய வரைவில், ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் எஃகுத் துண்டுகளை உப்புநீரில் ஊறவைத்து, வாரந்தோறும் எடுத்து எடைபோட்டு, துருப்பிடிக்கும் வேகத்தைக் கணக்கிட்டதை எழுதினார். அந்த வேலைக்குத் தேவையான மின்வேதியியல் பாடம் தன் கல்லூரியில் இல்லை என்பதையும், புதிய துறையில் இரண்டாமாண்டில் அது இருப்பதையும் சொன்னார். அதே பேராசிரியரே பரிந்துரைக் கடிதமும் எழுதினார். வேதியியலில் பி பிளஸ் என்பது இங்கே பலவீனம்தான். அதனால் இரண்டாம் செமஸ்டரில் அவர் அடுத்த நிலை வேதியியலை எடுத்தார். இடைக்கால மதிப்பெண் படிவத்தில் அதில் ‘ஏ’ என்று வந்தது. முழுமையடையாத பதிவுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் அவரால் தந்திருக்க முடியாது.

கிரெடிட் ஏற்பு

சேர்க்கை கிடைத்தாலும் பழைய கிரெடிட் அனைத்தும் செல்லும் என்பதில்லை. பொதுவாக ‘சி’ அல்லது அதற்கு மேற்பட்ட தரமுள்ள பாடங்களே ஏற்கப்படும். பழைய ஜிபிஏ புதிய இடத்துக்கு வராது. கிரெடிட் மட்டுமே வரும். மேலே சொன்ன மாணவி ஆண்டு முடிவில் 33 கிரெடிட் வைத்திருந்தால், பொறியியல் அறிமுகத்தின் 2 கிரெடிட் கழிந்து 31 ஏற்கப்படலாம். அதில் பொருளாதாரம் போன்ற பாடம் விருப்பப் பாடமாக மட்டும் கணக்கில் சேரும். இயற்பியலை நுண்கணிதம் இல்லாத வகையில் எடுத்திருந்தால் பொறியியல் பட்டத்துக்கு அது பயன்படாமல், மீண்டும் படிக்க நேரும். பாடத்திட்டத்தை வாரவாரியாகக் காட்டும் தாள்களைச் சேமித்து வைத்திருப்பவர் இந்த மதிப்பீட்டில் வாதாட முடியும்.

பட்டத்தில் ஒரு பகுதியைத் தங்களிடமே படிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. யேலில் பட்டத்துக்கு 36 பாடக் கிரெடிட் தேவை. அதில் வெளியிலிருந்து கொண்டுவரக்கூடியது அதிகபட்சம் 18. ஓராண்டில் மாறுபவரை இந்த வரம்பு பெரும்பாலும் தொடாது. தாமதமாக மாறுபவர் கூடுதலாக ஒன்றிரண்டு செமஸ்டர் கட்டணம் கட்ட நேரிடலாம்.

விசா நிலை

எஃப்-1 விசாவில் அமெரிக்காவில் ஏற்கெனவே படிப்பவர் மாறும்போது, செவிஸ் என்ற அரசுக் கணினிப் பதிவு பழைய பல்கலைக்கழகத்திலிருந்து புதியதற்கு மாற்றப்பட வேண்டும். பழைய இடத்து மாணவர் அலுவலரிடம் சேர்க்கைக் கடிதத்தைக் காட்டி, பதிவை விடுவிக்கும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நாளுக்குப் பிறகே புதிய இடம் ஐ-20 படிவம் தர முடியும். பழைய வளாகத்தில் பார்த்துவந்த வேலையும் அன்றோடு நின்றுவிடும். பழைய படிப்பை விட்ட நாளுக்கும் புதிய வகுப்பு தொடங்கும் நாளுக்கும் இடையில் ஐந்து மாதத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. படிப்புத் தொடங்கும் நாளிலிருந்து 15 நாட்களுக்குள் புதிய அலுவலரிடம் வந்துசேர்ந்ததைப் பதிவுசெய்ய வேண்டும்.

அடிக்கடி நேரும் தவறு ஒன்று ஜிபிஏயைக் காக்கும் ஆசையில் வருகிறது. மோசமாகப் போகும் பாடத்தை மாணவர் பாதியில் விட்டுவிடுகிறார். அலுவலர் முன்கூட்டி அனுமதித்த விதிவிலக்கு இல்லாமல் மொத்தம் 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால் அவருடைய விசா நிலையே முறிந்துவிடும். அப்போது செவிஸ் மாற்றமும் சிக்கலாகும். அந்தப் பாடத்தில் ‘பி மைனஸ்’ வாங்கி முடிப்பதே இழப்புக் குறைவான வழி.

2025 ஆகஸ்டில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை முன்வைத்த விதி வரைவு, முதலாண்டு முடியும் முன் எஃப்-1 மாணவர்கள் பல்கலைக்கழகம் மாறுவதைக் கட்டுப்படுத்தும் பிரிவு ஒன்றைக் கொண்டிருந்தது. ஆகவே மாறத் திட்டமிடுவோர் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன், அப்போது நடைமுறையில் உள்ள விதியைத் தங்கள் வளாகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.