பிசியின் இரண்டாம் வகை: சிறார் விடுகதை எழுதத் தொடங்கும் இடம்

தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை இரண்டாகப் பகுக்கிறது. ஒன்று உவமையோடு வருவது. மற்றது வெளிப்படத் தோன்றுவதைச் சொல்லி, கேட்பவர் விடையைத் துணியுமாறு செய்வது. இவற்றுள் உவமைப் பிசியே எளிது என்றும், ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்கு விடுகதை எழுதக் கற்பிக்கும்போது ‘அது எதைப்போல இருக்கிறது?’ என்று கேட்டே தொடங்க வேண்டும் என்றும் ஒரு கருத்து நிலைபெற்றிருக்கிறது. நூற்பாவில் உவமை முதலில் வருவதே இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. வைப்புமுறையைக் கொண்டு எளிமையை அளக்க முடியாது என்பதே போதிய விடை.

உரையைப் பார்ப்போம். உவமைக்குப் பேராசிரியர் காட்டும் பிசியில் பிறையைக் கவ்விய மலை ஒன்று நடக்கிறது, விடை யானை. இரண்டாம் வகைக்கு அவர் காட்டுவதில் நீராடாத ஒருவன் வருகிறான், அவன் நீராடினால் காக்கையாகிறான், விடை நெருப்பு. இங்கும் ஆளும் காக்கையும் உருவகந்தானே, பிறகு எதற்கு இரண்டு வகை என்பர் சிலர். உருவகம் இருப்பது உண்மை. ஆனால் விடையை உறுதிசெய்வது அதுவன்று. தண்ணீர் பட்டால் கரியாகிவிடும் என்ற நிபந்தனைதான் நெருப்பைத் தவிர மற்றவற்றை விலக்குகிறது. யானைப் பிசியில் மலை என்ற ஒப்புமையைக் கண்டடைந்தவருக்குத்தான் வேலை முடிகிறது. நெருப்புப் பிசியிலோ பொருளை உற்றுப் பார்த்தவர் எவரும் தொடங்கலாம். இரண்டாம் வகையின் உயிர் இந்த ‘செய்தால் – ஆகும்’ அமைப்பில் இருக்கிறது என்றே கருதத் தோன்றுகிறது. குழந்தைக்குக் கைவரும் அச்சும் அதுவே.

சைக்கிளை விடையாக வைத்துக்கொள்வோம். ‘எதைப்போல?’ என்று கேட்டால் ‘குதிரையைப்போல ஓடும்’ என்று எழுதுவார்கள். அது பேருந்துக்கும் பொருந்தும், ஆட்டோவுக்கும் பொருந்தும். மாறாக, சைக்கிளைப் பற்றிக் கண்ணால் கண்டவற்றை மட்டும் பட்டியலிடச் சொல்லலாம்: இரண்டு சக்கரம், மணி, பெடல், ஆளைச் சுமக்கும், ஓடும்போது விழாது, ஸ்டாண்டு போடாமல் நிறுத்தினால் சாயும். இவற்றுள் ஒன்றோடொன்று முரணும் இரண்டைத் தேடச் சொன்னால், கடைசி இரண்டும் அகப்படும். ‘ஓடினால் நிற்பேன், நின்றால் விழுவேன்.’ இது விடுகதைதான். ஆனால் இன்னும் முடியவில்லை. பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னால் ‘பம்பரம்’ என்று பதில் வரலாம், ‘பைக்’ என்றும் வரலாம். பம்பரத்தை விலக்க ‘ஆளைச் சுமப்பேன்’ வேண்டும். பைக்கை விலக்கப் பெட்ரோலைச் சொன்னால் விடை வெளிப்பட்டுவிடும். ‘ஒன்றும் குடிக்க மாட்டேன்’ என்றால் போதும். இப்போது பிசி இப்படி நிற்கிறது:

ஆளைச் சுமப்பேன், ஒன்றும் குடிக்க மாட்டேன்;
ஓடினால் நிற்பேன், நின்றால் விழுவேன்.

தவறான விடை வருவதைக் குறையாகக் கொள்ளக் கூடாது. அடுத்த சொல் எது என்பதை அதுவே சொல்லித் தருகிறது. உவமையில் தொடங்கும் பிள்ளைக்கு இந்தத் திருத்தம் எளிதில் கிடைப்பதில்லை. ‘குதிரை’ ஏன் போதவில்லை என்று அதற்கு விளங்காது.

பொருளற்ற வேடிக்கைப் பாட்டுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும் என்பது என் துணிபு. பண்ணத்தி பிசியை ஒத்தது என்று தொல்காப்பியம் சொல்வதை இதற்கு நேர்ச்சான்றாக எடுக்க நான் முனையவில்லை. ஆயினும் பயிற்சியில் ஒப்புமை தெளிவாகத் தெரிகிறது. பிசியில் விடை முன்கூட்டியே உறுதியாகிறது. வேடிக்கைப் பாட்டில் ஓசை உறுதியாகிறது. ‘பல்லி’ என்று தொடங்கி, முதலெழுத்தின் அளவும் இரண்டாம் எழுத்தும் ஒத்துவரும் சொற்களைத் திரட்டினால் டில்லி, மல்லி, கில்லி எல்லாம் வரும். ‘வேலி’ வராது, ஆனால் கடைசி எழுத்தை மட்டும் கேட்கும் பிள்ளை அதையும் சேர்த்துவிடும். கைதட்டிச் சொல்லிப் பார்த்தால் பல்லியும் வேலியும் சேராதது காதுக்கே தெரியும். ஒன்றில் முதலெழுத்து குறில், மற்றதில் நெடில். எதுகை என்ற பெயரைச் சொல்லாமலே இதைக் கற்பித்துவிடலாம்.

பல்லி ஒண்ணு டில்லி போச்சு,
கில்லி தின்னு மல்லி ஆச்சு.

இதில் நடந்த செய்திதான் பொருந்தாதது, வாக்கியம் பிழையற்றது. யார், எங்கே, என்ன செய்தது என்று கேட்டால் விடை உண்டு, படமும் வரையலாம். வெறும் ஒலிகளை அடுக்கியதைப் பாட்டென்று ஏற்கும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. படம் வரைய முடியாத அடி, பெரும்பாலும் அடுத்த நாள் எழுதியவருக்கே மறந்துவிடும்.

இம்முறைக்கு எல்லை உண்டு. ‘அன்பு’, ‘நேரம்’ போன்றவற்றை விடையாகக் கொடுத்தால் கண்ணால் கண்டு பட்டியலிட ஒன்றும் இராது. பிள்ளைகள் கேட்ட அறிவுரைகளையே எழுதுவார்கள். முதல் சில வாரங்களுக்கு, வகுப்பறையிலிருந்தோ புத்தகப் பையிலிருந்தோ கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள்களை மட்டுமே விடையாகத் தர வேண்டும்.