தென்னை உச்சிக்கு நீர் ஏறும் கதை

நீராவிப்போக்கு என்பது செடி தன் இலைகளின் வழியே நீரை ஆவியாக இழப்பது. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இப்படித்தான் காற்றோடு போய்விடுகிறது. வீண்செலவு போலத் தோன்றும் இந்த இழப்புதான் நீரை மேலே இழுக்கும் விசையையும் தருகிறது. இதைக் கண்டறிய அறிவியலுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தென்னந்தோப்புகள் நிறைய உண்டு. அவற்றில் 20 மீட்டர் உயர்ந்த பழைய நெட்டை மரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெயில் நாளில் அது சில பத்து லிட்டர் நீரை உச்சி ஓலைக்கு ஏற்றுகிறது. இது எவ்வளவு விந்தையானது என்பது கிணற்றில் மோட்டார் வைத்த விவசாயிக்கு நன்றாகத் தெரியும். மேலே இருந்து உறிஞ்சும் பம்பை ஆழக் கிணற்றின் கரையில் வைத்தால் நீர் வராது. அதனால்தான் கிணற்றுக்குள் பாதியில் மேடை கட்டி மோட்டாரை இறக்குவார்கள். உறிஞ்சும் குழாயில் நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். அது தாங்கக்கூடிய நீர்த்தம்பத்தின் உயரம் ஏறத்தாழ 10.3 மீட்டர்தான், நடைமுறையில் ஏழெட்டு மீட்டருக்கு மேல் ஏறுவதே கடினம். தென்னையோ அதைப்போல் இரண்டு மடங்கு உயரம்.

நுண்குழாய் ஏற்றமும் கைகொடுக்காது. சைலக் குழாய் ஒன்றின் விட்டம் 0.2 மில்லிமீட்டர் என்றால் அதில் நீர் தானாக ஏறும் உயரம் சுமார் 15 சென்டிமீட்டர். ஒரு முழம்கூட இல்லை.

இந்தப் புதிருக்கு முதலில் அளவுகோல் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். 1724இல் சூரியகாந்திச் செடி ஒன்றைத் தொட்டியில் வைத்து, மண்ணிலிருந்து ஆவி போகாதபடி ஈயத் தகட்டால் மூடி, நாள்தோறும் காலையிலும் மாலையிலும் எடை போட்டார். பகல் 12 மணி நேரத்தில் செடி சராசரியாக 20 அவுன்ஸ், அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை குறைந்தது. இலைகளே நீரை இழுக்கின்றன என்று 1727இல் வெளிவந்த நூலில் எழுதினார். எப்படி இழுக்கின்றன என்பதற்கு அவரிடம் விடை இல்லை.

சைலத்தை ஒட்டிய உயிருள்ள செல்கள் பம்பு போல வேலை செய்கின்றனவோ என்ற ஐயம் நெடுநாள் நீடித்தது. ஜெர்மனியின் எடுவார்டு ஸ்ட்ராஸ்பர்கர் 1891இல் வெளியிட்ட சோதனை கொஞ்சம் கொடூரமானது. உயர்ந்த மரங்களை அடியில் அறுத்து, அறுத்த முனையை நச்சுக் கரைசலில் நிற்க வைத்தார். நஞ்சு ஏறிய இடத்திலெல்லாம் தண்டின் செல்கள் செத்தன. ஆனாலும் கரைசல் உச்சி வரை போய்ச் சேர்ந்தது. இலைகள் செத்த பிறகுதான் ஏற்றம் நின்றது.

இந்தச் சோதனையிலிருந்து 1894இல் கோட்பாட்டை உருவாக்கியவர்கள் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் தாவரவியலாளர் ஹென்றி டிக்சனும் இயற்பியலிலும் நிலவியலிலும் தேர்ந்த ஜான் ஜோலியும். அதுவே இன்றைய பாடநூல்களில் உள்ள கூட்டிணைவு – இழுவிசைக் கோட்பாடு.

அதை நம் தென்னைமரத்தில் பொருத்திப் பார்க்கலாம். காலை வெயிலில் ஓலையின் அடிப்புறத்து இலைத்துளைகள் திறக்கின்றன. உள்ளே ஈரமான செல் சுவர்களிலிருந்து நீர் ஆவியாகிறது. அந்தச் சுவர் இழைகளுக்கிடையே உள்ள இடுக்குகள் சில நானோமீட்டர் அளவுதான். நீர் குறையக் குறைய, இடுக்குகளில் நீர்ப்பரப்பு உட்குழிந்து வளைகிறது. வளைந்த பரப்பு தன் பின்னால் உள்ள நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருப்பதால், இழுப்பு ஓலை நரம்பு, தண்டின் சைலம் என்று இறங்கி வேர் வரை போகிறது.

எவ்வளவு இழுக்க வேண்டும்? 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற கணக்கில், 20 மீட்டருக்கு எடையைத் தாங்க மட்டும் இரண்டு. ஓடும் நீர் குழாய்ச் சுவரில் உரசுவதை ஈடுகட்ட ஏறத்தாழ இன்னும் இரண்டு. காய்ந்த மண்ணிலிருந்து நீரைப் பிடுங்க அதற்கு மேலும் வேண்டும். மறுபக்கம் காற்றின் தாகத்தைப் பார்க்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் பாதியாக இருந்தால், அந்தக் காற்றுக்கும் தூய நீருக்கும் இடையிலான வேறுபாடு 900 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல். ஆகவே விசைக்குப் பஞ்சமில்லை. இழுவிசையில் நீர்த்தம்பம் அறுந்துவிடாதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கோட்பாட்டுக்கு இந்தியாவிலிருந்து வந்த மறுப்பு இங்கே குறிப்பிடத்தக்கது. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், நீர் ஏற்றத்தின் உடலியல் பற்றி 1923இல் ஒரு நூல் வெளியிட்டார். சைலத்துக்கு வெளியே உள்ள புறணியின் உள்ளடுக்குச் செல்கள் சுருங்கி விரிந்து நீரை ஏற்றுகின்றன என்றார். மின்முனையைத் தண்டுக்குள் செலுத்தி அந்தத் துடிப்பை அளந்ததாகவும் கூறினார். கருவி நுட்பத்தில் அவருக்கு நிகர் அன்று சிலரே. ஆனால் மரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்து எடுத்தாலும் மேலே உள்ள இலைகள் உடனே வாடுவதில்லை. புறணி போன பிறகும் நீர் ஏறுகிறது என்றால் பம்பு அங்கே இருக்க முடியாது. செல்களில் மின்துடிப்பு இருக்கலாம். நீரை உச்சிக்கு ஏற்றுவது அதுவல்ல.

இழுவிசையை அளக்க 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஷோலாண்டரும் அவர் குழுவினரும் வெட்டிய கிளையை இரும்புக் கலத்தில் அடைத்து, வெட்டுமுனை மட்டும் வெளியே தெரிய, உள்ளே வாயு அழுத்தத்தை ஏற்றினார்கள். வெட்டியவுடன் சாறு பின்வாங்கியிருக்கும். அது மீண்டும் வெட்டுமுனைக்கு வரும்போது காட்டும் அழுத்தமே கிளையில் இருந்த இழுவிசை. நெடிய டக்ளஸ் மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அளந்தார்கள். உயரம் கூடக்கூட இழுவிசை கணக்குப்படியே கூடியது.

தென்னைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இழுவிசை மிஞ்சும்போது சைலக் குழாயில் காற்றுக்குமிழி புகுந்து தம்பம் அறுகிறது. மில்பர்னும் ஜான்சனும் 1966இல் இதை ஆமணக்கு இலையில் கேட்டார்கள். வாடும் இலையில் பொருத்திய உணர்கருவியில் ஒவ்வொரு அறுதலும் ஒரு சொடுக்காகப் பதிவானது. மாமரம் ஆண்டுதோறும் புதுச் சைலம் உண்டாக்கிக்கொள்ளும். தென்னைக்குக் கேம்பியம் இல்லை. தண்டின் அடிப்பகுதியில் இளமையில் உருவான குழாய்களே பல பத்தாண்டுகளுக்கு உழைக்க வேண்டும்.

எனவே குமிழி அடைத்த குழாயை மரம் எப்படிச் சரிசெய்கிறது என்பது முக்கியமாகிறது. இலைத்துளைகள் மூடிய இரவில் வேர், உப்புகளைச் சைலத்துக்குள் சேர்த்து நீரைக் கீழிருந்து தள்ளுகிறது; இது வேர் அழுத்தம். இந்தியத் தாவரவியலாளர் டி. ஏ. டேவிஸ், பனைக் குடும்ப மரங்களில் இந்த அழுத்தம் அதிகமாக இருப்பதை 1961இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பின்னர் 1973இல் மில்பர்னுடன் சேர்ந்து தென்னையில் அழுத்தத்தின் பங்கை ஆராய்ந்தார். வேர் அழுத்தம் குமிழியைக் கரைக்க உதவலாம். ஆனால் பகலில் நீர் போகும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது.

பாளை சீவினால் சொட்டும் பதநீரை வேர் அழுத்தத்தின் சாட்சியாகச் சிலர் காட்டுவதுண்டு. அது தவறு. பதநீர் ஓலையில் உருவான சர்க்கரையைச் சுமந்து புளோயத்தில் வரும் சாறு. சைல நீரில் அந்த இனிப்பு கிடையாது.

மலைக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஆனி, ஆடி மாதங்களில் இந்தப் பக்கம் மழையின்றிக் காற்று மட்டும் வீசும். காற்று ஓலையைச் சுற்றியுள்ள ஈரப்படலத்தைத் துடைத்துப்போவதால் நீராவிப்போக்கு கூடுகிறது. மண் ஈரம் போதாதபோது காப்புச் செல்கள் விறைப்பு இழந்து இலைத்துளைகள் மூடுகின்றன. நீர் மிஞ்சுகிறது, ஆனால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும் வழியும் அடைபடுவதால் சர்க்கரை உற்பத்தி குறைகிறது. வறட்சி நீண்டால் அடி ஓலைகள் தொங்கிக் காய்கின்றன, குரும்பைகள் உதிர்கின்றன. ஐப்பசி மழைக்குப் பிறகும் காய்ப்பு உடனே திரும்புவதில்லை. பாளை வெடிப்பதற்கு வெகு மாதங்கள் முன்பே அதன் பூக்கள் குருத்துக்குள் உருவாகத் தொடங்குவதால், ஒரு கோடையின் பாதிப்பு அடுத்த ஆண்டுக் குலையிலும் தெரியும்.