அல்டிமேட்டம் ஆட்டம்

அல்டிமேட்டம் ஆட்டம் இருவர் ஆடுவது. ஒரு தொகையை எப்படிப் பங்கிடலாம் என்று முதலாமவர் சொல்வார். இரண்டாமவர் அதை ஏற்றால் இருவருக்கும் சொன்னபடி பணம் கிடைக்கும். மறுத்தால் இருவருக்குமே ஒன்றும் கிடைக்காது. ஆட்டம் ஒரே முறைதான். பேரம் பேச முடியாது. எதிரே இருப்பவர் யாரென்றும் தெரியாது.

கோட்பாடு சொல்லும் விடை

இத்தகைய ஆட்டங்களுக்கு விடை காணும் முறை பின்னோக்கு உய்த்தறிதல். கடைசி நகர்விலிருந்து தொடங்கி முன்னே வர வேண்டும். 10 ரூபாயை முழு ரூபாய்களாகப் பங்கிடுவதாகக் கொள்வோம். இரண்டாமவர் தனக்குக் கிடைக்கும் பணத்தை மட்டுமே பார்ப்பவரானால், 1 ரூபாய் வந்தாலும் வாங்கிக்கொள்வார்; மறுத்தால் அதுவும் போய்விடும். இது முதலாமவருக்குத் தெரியும். ஆகவே அவர் 9 ரூபாயைத் தானே வைத்துக்கொண்டு 1 ரூபாயை நீட்டுவார். அங்கே ஆட்டம் முடிந்தது. இந்தத் தர்க்கத்துக்கு முறையான வடிவம் தந்தவர்களில் ஜெர்மானியப் பொருளியலாளர் ரைன்ஹார்ட் செல்டன் முதன்மையானவர். அவருக்கு 1994இல் நோபல் பரிசு கிடைத்தது.

1982: முதல் சோதனை

வெர்னர் கூட், ரோல்ஃப் ஷ்மிட்பெர்கர், பெர்ன்ட் ஷ்வார்ட்ஸே ஆகிய மூவரும் ஜெர்மனியின் கொலோன் நகரில் இந்த ஆட்டத்தை மாணவர்களிடம் நடத்தினர். பங்கிட வேண்டிய தொகை 4 முதல் 10 மார்க் வரை. 21 இணைகளில் 7 இணைகளில் முதலாமவர் சரிபாதியைக் கொடுத்தார். கொடுக்க முன்வந்த பங்கின் சராசரி 37 சதவீதம். யோசிக்க ஒரு வாரம் கொடுத்து மறுபடி ஆடவிட்டபோது அது 32 சதவீதமாக இறங்கியது. கூடவே மறுப்புகள் அதிகரித்தன. கையில் வந்த காசை வேண்டாமென்று சொல்ல மனிதர்கள் தயாராக இருந்தார்கள்.

தவறியது எது?

கோட்பாட்டில் இரண்டு கூறுகள் உண்டு: பின்னிருந்து முன்னே யோசிப்பது ஒன்று, பணத்தை மட்டுமே விரும்புவது மற்றொன்று. எது பொய்த்தது என்பதே அடுத்த கேள்வி. ராபர்ட் ஃபோர்சைத்தும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் மறுக்கும் உரிமையை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். இந்த வடிவத்துக்கு சர்வாதிகாரி ஆட்டம் என்று பெயர். கொடுக்கப்பட்ட பங்கு வெகுவாகக் குறைந்தது. அப்படியானால், அல்டிமேட்டம் ஆட்டத்தில் பாதியை நீட்டியவர்களில் பலர் மறுப்புக்கு அஞ்சியே நீட்டியிருக்கிறார்கள். அவர்கள் இரண்டாமவரின் நகர்வை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர்கள்தான். பின்னோக்கு யோசனை நிலைத்து நின்றது. இரண்டாமவர் பணத்தை மட்டுமே விரும்புவார் என்ற எடுகோள்தான் விழுந்தது.

எர்ன்ஸ்ட் ஃபேர், கிளாஸ் ஷ்மிட் இருவரும் 1999இல் அந்த எடுகோளைத் திருத்தினர். அடுத்தவருக்குத் தன்னைவிட அதிகம் கிடைப்பதும் ஒருவருக்கு இழப்பாகப் படும் என்றனர். 8:2 என்ற பங்கீட்டில் வித்தியாசம் 6. ஒருவர் அதில் பாதியை இழப்பாக உணர்ந்தால், கிடைக்கும் 2 ரூபாயிலிருந்து 3 கழிந்து மீதி –1 ஆகிறது. மறுத்தால் மிஞ்சுவது 0. அவர் மறுப்பது கணக்கின்படியே சரி.

ஒரே பங்கீடு, நான்கு அர்த்தங்கள்

அந்தக் கணக்கும் முழு உண்மையல்ல என்பதை ஆர்மின் ஃபால்க், ஃபேர், உர்ஸ் ஃபிஷ்பாக்கர் மூவரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. முதலாமவருக்கு இரண்டே வாய்ப்புகள். ஒன்று எப்போதும் 8:2, அதாவது தனக்கு 8, மற்றவருக்கு 2. இன்னொன்றை மட்டும் மாற்றினார்கள். அது 5:5 ஆக இருந்தும் 8:2 தரப்பட்டபோது 44 சதவீதத்தினர் மறுத்தனர். அது 2:8 ஆனபோது 27 சதவீதம். இரண்டு வாய்ப்புகளுமே 8:2 ஆனபோது 18 சதவீதம். அது 10:0 ஆனபோது 9 சதவீதம் மட்டுமே.

நான்கிலும் கிடைப்பது அதே 2. ஏற்றத்தாழ்வு மட்டுமே காரணமென்றால் நான்கிலும் மறுப்பு ஒன்றாக இருந்திருக்க வேண்டும். பாதி கொடுக்க வழியிருந்தும் கொடுக்காதவரையே மக்கள் அதிகம் தண்டித்தார்கள். அதைவிடக் குறைத்திருக்கக் கூடியவரைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். இருந்தாலும் வேறு வழியே இல்லாதவர் கொடுத்த 2ஐயும் 18 சதவீதத்தினர் மறுத்ததால், ஏற்றத்தாழ்வின் உறுத்தலும் உண்மைதான்.

எல்லைகள்

பெரு நாட்டின் அமேசான் பகுதியில் வாழும் மச்சிகெங்கா மக்களிடம் ஜோசப் ஹென்ரிக் நடத்திய ஆய்வு 2000இல் வெளிவந்தது. சராசரியாக 26 சதவீதமே கொடுத்தார்கள். மறுப்போ ஏறத்தாழ இல்லை. எது நியாயமான பங்கு என்பது சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது. தொகையின் அளவும் முடிவை மாற்றுகிறது. வடகிழக்கு இந்தியக் கிராமங்களில் 20 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை வைத்து ஆடவைத்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. உச்சத் தொகையில் மறுப்பு கிட்டத்தட்ட அற்றுப்போனது. 20,000இல் சிறு விழுக்காடு கிடைத்தாலும் அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய பணம். அநியாயத்தை மறுக்க மனிதர்கள் விலை கொடுக்கிறார்கள். அந்த விலை ஏற ஏற, முடிவு பழைய கோட்பாட்டின் விடையை நெருங்குகிறது.