கோப்பில் வைத்துக்கொள்கிறோம்

எங்கள் வட்டாரத்தில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் முதல்வர் அலுவலக எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். பணிக்காலம் முழுவதும் நான் அதிகமாகத் தயாரித்த கடிதம் எது என்று கேட்டால், விரிவுரையாளர் வேலைக்கு மனுப்போட்டு நேர்காணலுக்கு அழைக்கப்படாதவர்களுக்கு அனுப்பும் பதில்தான். அந்தப் பதிலில் ஒரு வரி எப்படி மாறியது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

1977ஆம் ஆண்டு ஆங்கிலத் துறையில் ஓர் இடம் காலியானது. பத்திரிகையில் விளம்பரம் வந்த இரண்டு வாரத்தில் 74 விண்ணப்பங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு, பட்டம், வகுப்பு, மதிப்பெண் விழுக்காடு, கற்பித்த அனுபவம் என்று கட்டம் கட்டிப் பெரிய தாளில் ஏற்றுவது என் வேலை. துறைத் தலைவரும் முதல்வரும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு எட்டுப் பேரைக் குறித்தார்கள். எட்டுப் பேருக்கும் முதுகலையில் நல்ல இரண்டாம் வகுப்பும், ஓராண்டாவது பாடம் நடத்திய அனுபவமும் இருந்தன.

மிச்சம் 66 பேர். அவர்களுக்கு ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, பெயரை மட்டும் கையால் எழுதி அனுப்புவோம். அக்கால வழக்கப்படி ஆங்கிலக் கடிதம்தான். மூன்றே வாக்கியம். விண்ணப்பத்துக்கு நன்றி. தங்களை அழைக்க இயலாமைக்கு வருந்துகிறோம். தங்கள் விண்ணப்பம் கோப்பில் வைக்கப்பட்டு, வாய்ப்பு வரும்போது பரிசீலிக்கப்படும். எனக்கு முன்னால் இருந்த எழுத்தரிடமிருந்து வந்த வாசகம் அது. அவருக்கு யாரிடமிருந்து வந்ததோ!

கோப்பு உண்மையில் என்ன ஆகும்? நேர்காணல் முடிந்ததும் விண்ணப்பங்களைக் கட்டாகக் கட்டி, மேலே அட்டையில் ஆண்டைக் குறித்து, பதிவறைப் பரணில் போடுவோம். ஓராண்டு கழித்துப் பழைய தாளோடு எடைக்குப் போய்விடும். அடுத்த காலியிடம் வந்தால் யாரும் அந்தக் கட்டை அவிழ்ப்பதில்லை. அவிழ்க்கவும் முடியாது. ஒவ்வொரு இடத்துக்கும் புதிதாக விளம்பரம் செய்ய வேண்டும். எங்களுடையது சிறுபான்மையினர் கல்லூரி அல்ல என்பதால் இனச்சுழற்சியும் பார்க்க வேண்டும். அடுத்த இடம் எந்தப் பிரிவுக்குப் போகும் என்பது அப்போதுதான் தெரியும். ஆக, அந்த மூன்றாவது வாக்கியத்தைக் காப்பாற்ற எங்களால் முடியவே முடியாது. மரியாதைக்கு எழுதிய வரி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

1979 மே மாதம் ஓர் இளைஞர் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளைப் பிரித்தார். மடித்த இடமெல்லாம் கிழியும் நிலை. என் கையெழுத்தில் அவர் பெயர். "சார், இதிலே கோப்பில வச்சிருக்கறதாப் போட்டிருக்கு. என் ஃபைல் இப்ப எந்த நிலையில இருக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்றார்.

நான் "இருங்க தம்பி, பார்த்துட்டு வர்றேன்" என்று பதிவறைக்குள் போனேன். 1977ஆம் ஆண்டுக் கட்டு போன வருஷமே எடைக்குப் போனது எனக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் சும்மா நின்றுவிட்டு வந்து, "இருக்கு தம்பி, வேகன்சி வந்தா சொல்வாங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் இன்னொன்றையும் சொன்னார். போன வருஷம் அவர் ஊர்ப் பள்ளி மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்ததாம். முதுகலை ஆசிரியர் வேலைக்குக் கூப்பிட்டார்களாம். கல்லூரி வேலை வரும் என்று இந்தக் கடிதத்தைக் காட்டி, அப்பாவிடம் சண்டை போட்டுப் போகாமல் இருந்துவிட்டாராம்.

இங்கே காலத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்த வேண்டும். 1978இல்தான் நம் மாநிலத்தில் மேல்நிலைக் கல்வி வந்தது. அதுவரை கல்லூரியில் இருந்த பி.யு.சி. வகுப்பு போய், பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று பள்ளிக்குச் சென்றது. பள்ளிகளில் முதுகலை ஆசிரியர் இடங்கள் திறந்தன. கல்லூரிகளில் அதே அளவுக்கு வேலை சுருங்கியது. எங்கள் கல்லூரியில் நான்கு பி.யு.சி. பிரிவுகள். பிரிவுக்கு வாரம் ஆறு மணி ஆங்கிலம் என்றால் 24 மணி. ஒரு விரிவுரையாளருக்கு வாரம் 16 மணி என்று கணக்கு. ஒன்றரை ஆள் வேலை ஒரே வருஷத்தில் காணாமல் போனது. இருக்கிறவர்களுக்கே பாடவேளை போதாதபோது புது இடம் எங்கிருந்து வரும்? எந்த மாற்றம் அவருக்குப் பள்ளிக் கதவைத் திறந்ததோ, அதுவே கல்லூரிக் கதவைச் சாத்தியது. எங்கள் கடிதம் மட்டும் அது திறந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் முதல்வரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்தப் பையனுக்கு இன்னைக்கே உண்மையை எழுதுங்க. கோப்பு இல்லைன்னும் எழுதுங்க, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஆங்கிலத்துல இடம் வராதுன்னும் எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். எழுதினோம். பதில் வரவில்லை. வராததில் தப்பும் இல்லை.

அதற்குப் பிறகு ஸ்டென்சில் வாசகத்தை அவரே மாற்றினார். முடிவை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்றார். ஆள் சரியில்லை என்று தொனிக்கக் கூடாது. எத்தனை பேர் வந்தார்கள், எதை வைத்துப் பிரித்தோம் என்ற விவரம் போதும். இவர் கிட்டத்தில் வந்தார், அவர் தூரத்தில் நின்றார் என்று எழுதக் கூடாது. நாளைக்கு அதையே உரிமையாகக் காட்டுவார்கள். கதவு என்று ஒன்றைக் காட்டினால் அது நிஜக் கதவாக இருக்க வேண்டும், தேதியும் இருக்க வேண்டும்.

நிஜக் கதவு ஒன்று இருக்கத்தான் செய்தது. அந்நாளில் யு.ஜி.சி. திட்டத்தில் விரிவுரையாளர்கள் எம்.ஃபில்., பிஎச்.டி. படிக்க விடுப்பில் போவார்கள். அவர்கள் திரும்பும்வரை பதிலியாக ஒருவரை வைத்துக்கொள்ளலாம். நிரந்தரமில்லை, ஆனால் கேட்கிற அந்த அனுபவம் கிடைக்கும். புதுக் கடிதத்தின் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"தங்களை நேர்காணலுக்கு அழைக்க இயலவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஓர் இடத்துக்கு 58 பேர் விண்ணப்பித்தனர். ஓராண்டுக் கற்பித்தல் அனுபவம் உடையவர்களில் எட்டுப் பேரை அழைத்துள்ளோம். இந்த விண்ணப்பம் வேறு இடத்துக்குச் செல்லாது. அடுத்த விளம்பரத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்கக் கோருகிறேன். விடுப்பில் செல்வோருக்குப் பதிலியாகத் தற்காலிகமாகப் பணியாற்ற விருப்பமானால் ஜூலை 31க்குள் ஒரு கார்டு எழுதவும். அத்தகைய தேவை நிச்சயம் வரும் என்று கூற இயலாது. வேறு பணி கிடைத்தால் இதற்காகக் காத்திருக்க வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை முதல்வர் பேனாவால் சேர்த்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

1981இல் இந்தக் கடிதம் முதல்முறையாகப் போனது. 50 பேரில் 11 பேர் கார்டு எழுதினார்கள். கார்டுகளைத் தனி அட்டைப்பெட்டியில் போட்டு என் மேஜை மேலேயே வைத்துக்கொண்டேன். அடுத்த ஜனவரியில் ஒருவர் படிக்கப் போனபோது அந்தப் பெட்டியிலிருந்து ஓர் அம்மையாரை அழைத்தோம். ஒன்றரை வருஷம் இருந்தார். அந்த அனுபவச் சான்றிதழை டைப் அடித்ததும் நான்தான். வேறொரு கல்லூரியில் நிரந்தரமானார். மற்ற பத்துப் பேருக்கும், ஆண்டு முடிந்ததும், இந்த ஆண்டு வேறு தேவை எழவில்லை என்று கார்டு போட்டோம்.

அந்த இளைஞருக்கு இப்போது எழுபது வயது தாண்டியிருக்கும். பள்ளி வேலை பிறகு கிடைத்ததா, தெரியவில்லை. பதிவறைக்குள் நான் சும்மா நின்ற ஐந்து நிமிஷம் மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.