ஸோஹர் நூலின் காலம்

யூதருள் மறைபொருள் ஆராய்வோர் தம் கொள்கைக்கு வழங்கும் பெயர் கப்பாலா என்பது. எபிரேய மொழியில் அச்சொல் ‘பெறப்பட்டது’ எனப் பொருள்படும். ஆசிரியன்பால் மாணாக்கன் பெற்று வழிவழி வந்ததென்பது அதன் கருத்து. ஆகவே, பழமையே அக்கொள்கையின் பெயரிற் பொதிந்து கிடக்கின்றது. அக்கொள்கையினர் தலைமேற் கொள்ளும் நூல் ‘ஒளி’ என்னும் பொருளுடைய ஸோஹர். அஃது அரமேய மொழியில், மோசேயின் ஐந்தாகமங்கட்கு விரிவுரைபோல அமைந்துளது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டிற் கலிலேயா நாட்டில் வாழ்ந்த ரபி ஷிமோன் பர் யோகாய் என்பார் தம் மாணாக்கர்க்கு அருளிய உரையே அதுவென்பது அந்நூலினுள்ளேயே கூறப்படுகின்றது.

இக்கூற்றைச் சோதிக்கப் புகுந்தோர் முதலில் வினவியது, அந்நூலை முதன்முதல் எடுத்தாண்டவர் யாவர் என்பதே. ஷிமோனார் காலத்திற்குப்பின் ஆயிரத்தொரு நூறு ஆண்டுகட்குமேல் அதனை எடுத்தோதினார் ஒருவரும் இலர். கி. பி. 1270-இல் மறைந்த நக்மானிதர் தம் ஐந்தாகம உரையிற் கப்பாலாப் பொருளைப் பலவிடத்துங் குறிப்பாற் சுட்டுகின்றார். ஸோஹரை ஓரிடத்தும் சுட்டினாரல்லர். 1281-இல் ஸ்பெயின் நாட்டு இசாக்கு இபின் சகூலா இயற்றிய நீதிக்கதை நூலில் அதன் ஒரு பகுதியிலுள்ள செய்தி முதலிற் காணப்படுகின்றது. 1291-இல் பகியா பென் ஆஷெர் எழுதிய உரை, ஷிமோனார் பெயரைக் கூறியே அதினின்று மேற்கோள் காட்டுகின்றது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய உரையாசிரியர் ரெக்கனாத்தி அதனைப் பலபடப் பயன்படுத்துகின்றார். ஒன்றையும் எடுத்தோதாமை மட்டும் ஒரு நூலின் இன்மையை நாட்டிவிடாது. மறைத்துப் போற்றப்பட்டதென்று சொல்லவும் இடமுண்டு. ஆயினும் மறைபொருளையே ஆராய்ந்த உரையாசிரியரும் அறியாதிருந்தமை எளிதில் தள்ளத்தக்கதன்று.

இவ்வையம் அக்காலத்தவர்க்கே தோன்றிற்று. 1291-இல் அக்கோ நகரம் மாமலூக்கர் கையில் வீழ, அங்கிருந்து தப்பிய இசாக்கு என்னும் அறிஞர் 1305-இல் ஸ்பெயினை அடைந்து இந்நூலின் வரலாற்றை ஆராய்ந்தார். நக்மானிதர் பாலத்தீனத்தினின்று தம் மகனார்க்குக் கப்பலில் அனுப்ப, அது திசைமாறிப்போய் மோசே த லெயோன் என்பவர் கையிற் சேர்ந்தது என்பார் சிலர். மோசேயே எழுதி விற்றார் என்பார் வேறு சிலர். வல்லதோலித் நகரில் இசாக்கு அம்மோசேயையே கண்டார். பழைய மூலப்பிரதி ஆவிலா நகரிலுள்ள தம் இல்லத்தில் இருப்பதாகவும், வந்தாற் காட்டுவதாகவும் மோசே சூளுரைத்தார். ஆனால் வழியிலே அரேவலோ என்னும் ஊரில் அவர் நோயுற்று இறந்தார்.

ஆவிலாவில் இசாக்கு கேள்வியுற்றது இது. மோசேயின் மனைவியும் மகளும் வறுமையுற்றிருந்தனர். அந்நகர்ச் செல்வர் ஒருவரின் மனைவியார், மூலப்பிரதியைத் தந்தாற் போதும், அப்பெண்ணைத் தம் மகனுக்கு மணஞ்செய்து கொள்வதாகக் கூறினார். கைம்பெண் ஆணையிட்டுச் சொன்னது, அத்தகைய ஏடு தம் கணவரிடத்து ஒருபோதும் இருந்ததில்லை, அனைத்தும் அவர் உள்ளத்தினின்றே எழுதப்பட்டன என்பது. தம் பெயராற் சொன்னால் எவரும் பொருள் தாரார் என்பதனாலேயே பழையோர் பெயரை இட்டதாக அவர் கூறியிருந்தனராம். மகளும் தனித்து வினவப்பட்டபோது அவ்வாறே சொன்னாள். ஏட்டைக் கொடுத்தால் வாழ்வு வருமென்னும் நிலையில் இருந்தோர் அஃது இல்லையென்று உரைத்தமையே இச்சான்றின் வலிமை.

வலிமையேயன்றி மெலிவும் இதற்கு உண்டு. இசாக்கு எழுதிய மூலக்குறிப்பு இன்று இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபிரகாம் சக்கூத்தோ எழுதிய வரலாற்று நூலில் எடுத்தெழுதப்பட்டதே எஞ்சியது. கைம்பெண் சொல் இசாக்கிற்கு எட்டியதும் பிறர் வாயிலாகவே. மேலும், மோசேயின் மாணாக்கர் ஒருவர் ஷிமோனாரே இயற்றினார் என்று சூளுரைத்ததைச் சொல்லப் புகுமிடத்தில் அக்குறிப்பு அறுந்து போகின்றது. சக்கூத்தோவின் நூல் 1566-இல் அச்சேறியபோது இப்பகுதி நீக்கப்பட்டது. 1857-இலேதான் கையெழுத்துப் பிரதியைக் கொண்டு முழுதும் வெளிவந்தது.

ஆகலின் ஆராய்ச்சியாளர் நூலின் அகச்சான்றையே நாடினர். இதிற் பெரிது முயன்றவர் 1768-இல் நூலொன்று வெளியிட்ட ஜெர்மனி நாட்டு யாக்கோபு எம்டன். அவர் ஐயவாதியல்லர், கப்பாலாவில் ஆழ்ந்த பற்றுடையார். 1666-இல் இசுலாம் மதம் புக்க போலி மெசியா சப்பத்தாய் செவியின் வழியினர், தம் கொள்கைக்கு ஸோஹரையே சான்றாக்கியதனால் உளம் நொந்து ஆராயப் புகுந்தார். ஸ்பெயினிலும் போர்ச்சுகல்லிலும் வழங்கிய யூதர் ‘எஸ்நோகா’ என்று தொழுகைக் கூடத்தைக் கூறுவர். அச்சொல்லை எபிரேயச் சொல்போலப் பிரித்து நூல் பொருள் கூறுவது அவர் கண்டதொன்று. ஆயினும் அவர் நூலை முழுதும் தள்ளத் துணிந்திலர். அடிப்படை பழையது, பிற பின்னர்ச் சேர்ந்தன என்று முடித்தார். பற்றும் ஆராய்ச்சியும் ஒருவர் உள்ளத்தே பொருதது இங்குத் தெளிவாகத் தெரிகின்றது.

இருபதாம் நூற்றாண்டில் கெர்ஷோம் ஷோலெம் தொடக்கத்தில் மோசேயே ஆசிரியர் என்பதை ஏற்க மறுத்தார். பதினைந்தாண்டு நூலை வரிவரியாக ஆராய்ந்தபின், 1941-இல் வெளியிட்ட நூலில் தாமே அக்கருத்தை மாற்றிக்கொண்டார். மாற்றிய சான்றுகளில் ஒன்று இது. கப்பதோக்கியா சிறிய ஆசியாவிலுள்ள ஒரு நாடு. ஸோஹரோ அதனைக் கலிலேயாவில் அடியார்கள் நடந்து செல்லும் ஒரு சிற்றூராகக் கூறுகின்றது. பாலத்தீனத் தால்முதில், செப்போரிஸ் நகரிற் குடியேறிய கப்பதோக்கியர் பழிக்கப்படும் பகுதியொன்று உண்டு. அதனைப் படித்தவன் இவ்வாறு மயங்கினான் என்பர். கலிலேயாவிற் பிறந்து வாழ்ந்தவர்க்கு இம்மயக்கம் நேராது. பினகாஸ் பென் யாயிர் என்பார் ஷிமோனார்க்கு மருமகன் எனத் தால்முத் கூறவும், ஸோஹர் மாமனாராக்குகின்றது. தம் மாமனார் யாவர் என்பதை ஷிமோனார் அறியாதிருத்தல் யாங்ஙனம்! அரமேய நடையும் எந்நாட்டிலும் பேசப்பட்டதன்று. பாபிலோன் தால்முதிலும் பழைய அரமேய மொழிபெயர்ப்பிலும் கற்ற சொற்களைக் கோத்தது. மோசே தம் பெயரால் எழுதிய எபிரேய நூல்களிலும் அதே தொடர்களும் அதே பிழைகளும் வருகின்றன என்பது ஷோலெம் காட்டியது.

எனினும் அதனோடு ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. யெகூதா லீபெஸ் 1988-இல், ஒருவரல்லர், ஸ்பெயினின் காஸ்தீல் நாட்டு அறிஞர் குழுவினரே இயற்றினர் என்றார். கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டோர் வேறொன்றும் கண்டனர்: 1558-க்கும் 1560-க்கும் இடையே இத்தாலியில் மாந்துவாவிலும் கிரெமோனாவிலும் அச்சேறுமுன், ‘ஸோஹர்’ எனும் வரையறுத்த முழுநூல் எவர் கையிலும் இருந்ததற்குச் சான்றில்லை. பிரதிகளில் பகுதிகள் வரிசையும் அளவும் மாறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாகத் திரட்டியவர் அச்சிட்டோரே. ஆகலின், ‘ஆசிரியர் யார்’ என வினவுவதற்குமுன் எப்பகுதியை, எப்பிரதியின்படி என்று வினவ வேண்டுவதாயிற்று. பகியாவும் ரெக்கனாத்தியும் எடுத்தோதிய சொற்கள் இப்போது பெரிதும் மதிக்கப்படுவதும் இதனாலேயே. அச்சு நூலோடு அவை மாறுபடுமிடத்து, இருநூறு ஆண்டுகட்குமேல் முற்பட்ட பாடத்தை அவை காட்டக்கூடும்.

நூல் பிற்பட்டதாயினும் அதிலுள்ள கருத்துக்கள் சில முற்பட்டனவாயிருத்தல் கூடும் என்பது மோஷே இதேலின் வாதம். அஃது அமைதியுடையதே. ஆனால் மொழிப்பிழையும் ஊர்ப்பிழையும் நூலின் காலத்தை அளப்பன; கருத்தின் காலத்தை அளப்பனவல்ல. அதற்கு வேண்டுவது, அக்கருத்து ஸ்பெயினுக்கு முற்பட்ட பிறிதோர் ஏட்டிலே வெளிப்பட இருத்தல். அத்தகைய ஏடு கிடைத்த கருத்துக்களை மட்டுமே வரலாற்றாசிரியர் பழையன என்று வேறு பிரித்துக் கொள்கின்றனர். ஏனையவற்றை நூலின் காலத்தோடே வைக்கின்றனர்.